அப்பரின் வயிற்றுவலி

அப்பாவுக்குக் கணையத்தில் அழற்சி என்று சொன்ன அன்று இரவு, தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி வராண்டாவில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே விடமாட்டார்கள். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் கும்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. நம்பிக்கை போய்விட்டது என்று சொல்ல முடியாது. சென்னை வேலை, அறை, தூக்கம் என்று அது தானாக உதிர்ந்திருந்தது. அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு என் சொந்த வார்த்தையில் கேட்டேன். அப்பாவைக் காப்பாத்து, நான் இனிமே ஒழுங்கா இருக்கேன், மாசாமாசம் ஊருக்கு வரேன், சிகரெட்டை விட்டுடறேன். மூன்று நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துபோயிற்று. நான்காவது நிமிஷம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் முறை சொல்லும்போது அது பிரார்த்தனை மாதிரியே இல்லை, கடன் கேட்கப் போன இடத்தில் பேசுவது மாதிரி இருந்தது.

பக்கத்தில் அம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. என்ன பாட்டு என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்கு வயிறு வலித்தபோதெல்லாம் திருநீற்றை வயிற்றில் தடவிக்கொண்டே அவள் பாடியது, அப்பரின் திருவதிகைப் பதிகம். பத்துப் பாட்டு. முடிந்ததும் கொஞ்சம் சும்மா இருப்பாள். பிறகு மறுபடி முதல் பாட்டு. அவளுக்கும் என்னைப் போலவே திரும்பத் திரும்பத்தான் வந்தது. ஆனால் அவளுடையது தேயவில்லை, என்னுடையது தேய்ந்தது. ஏன் என்று அன்றைக்கு யோசிக்கும் நிலையில் நான் இல்லை. பிறகு ரொம்ப நாள் யோசித்தேன்.

அந்தப் பதிகத்தின் கதை தஞ்சைப் பக்கத்துச் சைவ வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏழாம் நூற்றாண்டு. மருள்நீக்கியார் என்பவர் சமணராகி, பாடலிபுத்திரம் என்று அப்போது பெயர்பெற்ற திருப்பாதிரிப்புலியூரில், இன்றைய கடலூரில், பெரிய மதிப்போடு இருக்கிறார். சூலை நோய் வருகிறது. குடலை முறுக்கும் வலி. அங்கே தெரிந்த மந்திரமும் மருந்தும் கைகொடுக்கவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகையில் இருக்கும் அக்கா திலகவதியாரிடம் வந்து காலில் விழுகிறார். கதையைச் சேக்கிழார் எழுதியது சுமார் ஐந்நூறு வருஷம் கழித்து. ஆனால் வலி பதிகத்துக்குள்ளேயே இருக்கிறது. வயிற்றுக்குள் குடலைச் சுருட்டி முடக்கும் நோவைப் பற்றி அவரே வாய்விட்டுச் சொல்கிறார்.

நான் கவனிக்கத் தவறியிருந்தது அடுத்து நடப்பதை. அக்கா தம்பியைப் பார்த்து, “உன் மனசில் என்ன இருக்கோ அதைச் சொல்லு” என்று சொல்லவில்லை. முதலில் திருநீற்றை எடுத்து, ஐந்தெழுத்தைச் சொல்லிக் கொடுக்கிறாள். அது அவள் உண்டாக்கியதும் இல்லை, அவன் உண்டாக்கியதும் இல்லை. அவர்களுக்கு முன்பே இருந்த ஐந்து எழுத்து. அதைப் பூசிக்கொண்டு, அக்கா விடியுமுன் கோயிலுக்குப் பெருக்கி மெழுகப் போகும்போது பின்னாலேயே போகிறான். சந்நிதியில் நின்றதும் பாட்டு வருகிறது. யாரும் எழுதிக் கொடுக்காத பாட்டு.

ஆக வரிசை இப்படி. முதலில் வேறு யாரோ தந்த ஐந்தெழுத்து. அதன்மேல் நின்றுகொண்டு தன் வலியிலிருந்து எழுந்த பாட்டு. அந்தப் பாட்டு பிறகு மனப்பாடப் பாட்டாக ஆகி, ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில் அம்மாவின் உதட்டில். ஒருவர் தன் வாயால் அழுதது இன்னொருவருக்கு ஓதும் பாடம் ஆகிறது. அந்தப் பாடத்தின்மேல் நின்று அவர் தன் அழுகையை அழுகிறார். இரண்டும் எதிரெதிர்க் கட்சி என்றுதான் நான் கல்லூரி நாட்களில் பேசித் திரிந்தேன். “மனப்பாடமா ஒப்பிக்கறது பக்தியா? மனசுலேர்ந்து வரணும்” என்பேன். மனசிலிருந்து வருவது எதன்மேல் கால் வைத்து வருகிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய கோயில் ரொம்ப தூரம் இல்லை. மூன்றாம் நாள் மதியம் வெயிலில் நடந்து போய் அங்கே உட்கார்ந்தேன். அந்தக் கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டு ஒன்று, பதிகம் பாட நியமிக்கப்பட்டவர்களைப் பற்றியது. பாடுகிறவர்கள் 48 பேர். உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். மொத்தம் 50. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று குறுணி நெல், ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து. பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்பதால், ஒருவருக்கு நாளொன்றுக்குக் கால் கலம். பாடுகிறவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு நெருங்கிய உறவினர் அந்த நெல்லை வாங்கிக்கொண்டு பாட வேண்டும். அவருக்குப் பாடத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை வைத்துப் பாடவைக்க வேண்டும்.

நெல் ஊர்க்காரன் என்பதால் எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். ராஜராஜனுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. உருக்கத்துக்குச் சம்பளம் போட முடியாது. அப்பரின் வயிற்றுவலியைத் தினமும் காலையில் வரவழைக்க முடியாது. ஆனால் அந்த வலியில் பிறந்த சொற்களை, பாடுகிறவன் செத்தாலும் பாட்டு நிற்காதபடி, நெல் அளந்து காப்பாற்றலாம். என்றைக்கோ ஒரு நாள், தேவைப்படுகிறவன் வந்து நிற்கும்போது அது அங்கே இருக்கும். மனப்பாடத்தை மரபு வைத்துக்கொள்வதற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். நம் வார்த்தை தீர்ந்துபோகும் நான்காவது நிமிஷத்துக்காக.

ஆனால் அந்தக் கல்வெட்டில் என்னைப் பிடித்து நிறுத்துவது நெல் இல்லை, ஒரு சொல். அவர்கள் திருப்பதியம் ‘பாட’ நியமிக்கப்பட்டதாகச் சொல்லவில்லை. திருப்பதியம் ‘விண்ணப்பம் செய்ய’ நியமிக்கப்பட்டதாகச் சொல்கிறது. விண்ணப்பம் என்றால் மனு. சம்பளத்துக்கு, முறை வைத்து, இன்னொருவர் பாட்டை, அட்சரம் மாறாமல் பாடுவதற்குப் பெயர் விண்ணப்பம். பாட்டு பழையது. மனுப் போடுகிறவன் அன்றைக்கு அங்கே நிற்கிறவன்.

ஏழாம் நாள் அப்பா கொஞ்சம் தெளிந்தார். என்னை அடையாளம் கண்டு, “நடவு ஆயிடுச்சாடா?” என்று கேட்டார். பதினோராம் நாள் போய்விட்டார்.

ஊருக்குக் கொண்டுபோனோம். திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் சின்ன ஊர். வாசலில் பந்தல், பெஞ்சு, பறை. யார் யாரோ வந்தார்கள். ஒவ்வொருவரும் எதையோ சொல்ல முயன்று சொல்ல முடியாமல் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். பிறகு பெரியப்பா தலைமாட்டில் உட்கார்ந்து சிவபுராணத்தை ஆரம்பித்தார். தொண்ணூற்றைந்து அடி. அப்பாவோடு இருபது வருஷமாக வரப்புச் சண்டை போட்ட சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார். அத்தைகள் சேர்ந்துகொண்டார்கள். நானும் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன், அடி அடியாக வந்தது. அந்த வீட்டில் இருந்த நாற்பது பேருக்கும் அப்பாவைப் பற்றி நாற்பது விதமான மனசு. எங்கள் சொந்த வார்த்தையில் நாங்கள் சேர்ந்து ஒரு வாக்கியம்கூடச் சொல்லியிருக்க முடியாது. யாருடைய வார்த்தையுமாக இல்லாததால் அது எல்லோருடைய வார்த்தையாகவும் இருந்தது. இது இரண்டாவது காரணம்.

காரியம் எல்லாம் முடிந்தபிறகு என்னால் அந்தத் திருவதிகைப் பதிகத்தைப் பாட முடியவில்லை. அதில் ஆறாம் பாட்டில் அப்பர், பூவும் தூபமும் தமிழிசையும் தான் ஒருநாளும் மறந்தறியாதவை என்கிறார். இத்தனை வருஷம் வேறு சமயத்தில் இருந்துவிட்டு நேற்று ராத்திரி திரும்பியவர் அப்படிச் சொல்கிறார். உரைக்காரர்கள் அதற்கு ஏதேதோ சமாதானம் சொல்வார்கள். நான் மறந்தவன். மறக்கவில்லை என்று பாடினால் பொய். பாடாமல் விட்டால் என்னிடம் சொந்தமாக இருப்பது ஒரே ஒரு கேள்வி, “ஏன் எடுத்துக்கிட்ட?” என்பது. அதைச் சாமியிடம் கேட்கலாமா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிரதோஷத்துக்கு எங்கள் கோயிலுக்கு வரும் ஓதுவார் ஒருவர் உண்டு. தருமபுரம் ஆதீனத்தில் தேவாரம் படித்தவர். எழுபது வயதுக்கு மேல். டிவிஎஸ் ஐம்பதில் வருவார். அவரிடம் கேட்டேன்.

“ஐயா, எனக்குப் பொருந்தாத வரியை நான் எப்படிப் பாடறது?”

“தம்பி, அப்பா வேட்டியை எடுத்துக் கட்டியிருக்கியா சின்ன வயசுல?”

“கட்டியிருக்கேன்.”

“சரியா இருந்துச்சா?”

“இல்ல.”

“பிறகு ஒருநாள் சரியா இருந்துச்சுல்ல?”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு, “கோபம் இருந்தா ஆரூர்ப் பதிகம் பாடு, சுந்தரரோடது” என்றார்.

சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அதை மீறிக் கிளம்பியதும் இரண்டு கண்ணும் போயிற்று என்பது கதை. காஞ்சிபுரத்தில் இடக்கண் கிடைக்கிறது. வலக்கண்ணுக்காகத் திருவாரூர் வரைக்கும் வருகிறார். அங்கே பாடிய பதிகத்தில் கெஞ்சல் இல்லை. உங்கள் அடியவன் இப்படிக் கிடக்கிறேன், நீங்களாவது சௌக்கியமாக இருங்கள் என்று பாட்டுக்குப் பாட்டு இடித்துக் காட்டுகிறார். எங்கள் ஊரிலிருந்து அரைமணி பஸ் தூரத்தில் இருக்கும் சாமியைப் பார்த்துப் பாடிய வசவு. மரபு அதை வெட்டி எறியவில்லை. திருமுறைக்குள் வைத்து, பண் போட்டு, இன்றைக்கும் ஓதுகிறது. நான் கேட்கத் தயங்கிய கேள்விக்கு முன்மாதிரி மனப்பாடப் பாட்டிலேயே இருந்தது. அன்றைக்குச் சந்நிதியில் அதைப் பாடிவிட்டு, பாடி முடித்த இடத்திலிருந்து என் வார்த்தையில் பேசினேன். அப்பா போனபிறகு அதுதான் முதல்முறை. ரொம்ப மரியாதையாகப் பேசவில்லை.

அதன்பிறகு ஓதுவாரோடு அடிக்கடி பேச்சு. பழகப் பழக, ‘நிலையானது’ என்று நான் நினைத்ததற்குள் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பூசை முடிவில் பஞ்சபுராணம் பாடுவார். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். இந்த ஐந்தும் இந்த வரிசையில்தான். ஆனால் தேவாரம் என்றால் எந்தத் தேவாரம்? அது அவர் கையில். ஒருநாள் கல்யாணம் கூடிவந்த பெண் வந்து நின்றாள், ஒரு பாட்டு. இன்னொருநாள் என் அம்மா நின்றாள், வேறு பாட்டு. விருத்தமாகப் பாடும்போது சொல் மாறாது, தாளக்கட்டு கிடையாது. ராகத்தில் எங்கே நிற்பது, எதை இழுப்பது என்பது அந்த நேரத்து மூச்சு. அர்ச்சனைச் சீட்டு வாங்கினால்கூட, குருக்கள் மந்திரத்தை நிறுத்திப் பெயர், நட்சத்திரம், ராசி கேட்கிறாரே, அதுவும் அப்படித்தான். ஆயிரம் பேருக்கும் ஒரே மந்திரம். நடுவில் உங்கள் பெயருக்கு ஒரு காலி இடம்.

மறுபக்கம், ‘மனசிலிருந்து’ வந்ததற்குள்ளும் சட்டம் இருக்கிறது. அந்த வலியிலும் அப்பர் பத்தாம் பாட்டில் கயிலையின் கீழ் நசுங்கிய இராவணனிடம் போய் முடிக்கிறார். ஏறக்குறைய எல்லாப் பதிகத்தையும் அவர் அங்கேதான் முடிப்பார். நசுக்கப்பட்டவனுக்கும் அருள் உண்டு என்ற இடம் அது. வலியை மட்டும் பேசியிருந்தால் வலியிலேயே நின்றிருப்பார். முடிக்க ஓர் இடம் ஏற்கெனவே இருந்ததால் அங்கே போய்ச் சேர்ந்தார்.

தரங்கம்பாடிப் பக்கத்து நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். லுத்தரன் குடும்பம். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர். அவன் பாட்டி ஜெபப் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஜெபிப்பாள். அவனுக்கு அது உயிரில்லாததாகத் தோன்றி, எல்லோரும் தன்தன் வார்த்தையில் சத்தமாக ஜெபிக்கும் ஒரு சபைக்குப் போனான். இரண்டு வருஷம் கழித்து, யாரோ செல்போனில் பதிவுசெய்த தன் ஜெபத்தைக் கேட்டிருக்கிறான். “அதே ஆரம்பம், அதே ஸ்தோத்திரம், மூணு வார்த்தைக்கு ஒரு ‘பிதாவே’, அதே முடிவுடா. பாட்டி புத்தகமாவது நல்ல தமிழ்ல இருந்துச்சு” என்று சிரித்தான். இன்றும் அந்தச் சபைக்குத்தான் போகிறான். ஆனால் இரவில் பாட்டியின் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்துவிட்டுப் படுக்கிறான்.

நாகூர்க்கார நண்பர் வீட்டில் இந்தக் குழப்பமே இல்லை. ஐந்து வேளைத் தொழுகை அரபியில், ஒரு சொல் மாறாமல். முடிந்ததும் கை ஏந்தித் துஆ, தமிழில், மகளின் பரீட்சை வரைக்கும். யூதர்களிடம் மிஷ்னாவிலேயே இந்த விவாதம் இருக்கிறது. தன் பிரார்த்தனையை வெறும் வழக்கமாக்கிவிட்டவனுடையது மன்றாட்டு ஆகாது என்று ரபி எலியேசர் கண்டித்ததைப் பதிவுசெய்த அதே மரபு, தினம் மூன்று வேளை நிலையான பிரார்த்தனையையும் விடவில்லை. அதன் நடுவில், பிரார்த்தனையைக் கேட்பவனை வாழ்த்தும் இடத்தில், அவரவர் தேவையைச் செருகிக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள். நம் அர்ச்சனையின் காலி இடம் மாதிரி.

இரண்டும் கெட்டுப்போகும் விதமும் ஓதுவார் சொல்லித்தான் புரிந்தது. பதிகத்தில் எல்லாப் பாட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி முடியும். மனசு வேறெங்கோ போனால், நான்காம் பாட்டின் முடிவிலிருந்து ஏழாம் பாட்டுக்குத் தாவிவிடுவோம், நமக்கே தெரியாது. “தாவிட்டேன்னு தெரிஞ்சா மேல போகாத. விட்ட பாட்டோட முதலடிக்கு வா” என்பார். பத்தையும் முடித்தாக வேண்டும் என்று ஓடுவதைவிட, ஒரு பாட்டோடு நிறுத்துவது மேல் என்பது அவர் கட்சி. சொந்த வார்த்தை கெடுவதைச் சொன்னது அம்மா. “கேட்டதையே கேட்டுக்கிட்டிருந்தா அது கவலைடா, வேண்டுதல் இல்ல. கவலைன்னு தெரிஞ்சா பாட்டுக்குப் போயிடணும்.” வராண்டாவில் என்னுடையது ஏன் தேய்ந்தது என்பதற்குப் பதில் அதில் இருந்தது. நான் சாமியிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை, பயத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

இப்போது நான் செய்வது சின்ன விஷயம். ஒரு பதிகத்தை எடுத்துக்கொள்கிறேன். மாசம் முழுக்க அதே பதிகம். பாடிக்கொண்டே போகும்போது ஏதாவது ஒரு சொல் பிடித்து இழுக்கும், ஒருநாள் ‘வலி’, ஒருநாள் வெறும் ஊர்ப்பெயர். அந்தப் பாட்டு முடிந்ததும் நிறுத்தி, என் வார்த்தையில் பேசுகிறேன். அது கவலையாகச் சுற்ற ஆரம்பித்ததும் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறேன். எதுவுமே இழுக்காத நாள் நிறைய உண்டு. அன்றைக்குப் பாட்டு மட்டும். மூன்று குறுணி நெல்லுக்குப் பாடியவன் மாதிரி முறையை முடித்துவிட்டு எழுந்துவிடுகிறேன். முன்பு இதை வறட்சி என்று நினைத்திருப்பேன். இப்போது யாருக்கோ வைத்துக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொள்கிறேன். அந்த யாரோ பெரும்பாலும் நான்தான், வேறொரு நாளில்.

போன வருஷம் குறுவை நடவு முடிந்து அப்பாவின் திதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் அம்மா விளக்கேற்றிவிட்டுத் திருவதிகைப் பதிகம் ஆரம்பித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். ஆறாம் பாட்டு வந்தது. மறந்தறியேன் என்கிற இடத்தில் என் குரல் கொஞ்சம் தணிந்துதான் போயிற்று. அம்மா நிறுத்தாமல் பாடிக்கொண்டே என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த அடியை அவள் எனக்கும் சேர்த்துப் பாடினாள். ஏழாம் பாட்டில் நான் சேர்ந்துகொண்டேன்.